ஆவணி சுவாதியை மறவாத நண்பர்

அறுபது வயதைக் கடந்த பெரியவர்கள் பலருக்குப் பிறந்த நாள் இரண்டு உண்டு. ஒன்று பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி. மற்றொன்று ஜாதகக் குறிப்பில் உள்ள மாதமும் நட்சத்திரமும். முன்னாளில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது, வயது போதவில்லை என்றால் தலைமை ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக் கொள்வார். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டிய ஏதோ ஒரு தேதியாக அது பெரும்பாலும் அமைந்துவிடும். பின்னாளில் உத்தியோகம், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, ஆதார் அட்டை ஆகிய அனைத்தும் அந்தத் தேதியையே பின்பற்றின. ஆனால் கோயிலில் அர்ச்சகர் சங்கல்பத்தில் கேட்பது அந்தத் தேதியை அன்று. பெயர், கோத்திரம், நட்சத்திரம், ராசி என்பவற்றையே அவர் கேட்கிறார்.

வீட்டார் ஒரு பெரியவரின் பிறந்த நாளை மறந்துவிட்டார்கள் என்று சொல்லப்படும் இடங்களில், மறந்து போனது பெரும்பாலும் இந்த இரண்டாவது நாளே. அதை வெளியார் ஒருவர், நெடுநாளைய நண்பர் ஒருவர், நினைவில் வைத்திருந்து வாழ்த்தும்போது உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி பெரிது. அதனுடன் கூடவே எழும் வருத்தமும் சிறிதன்று. அந்த வருத்தத்தைக் கலவாமல் நண்பருக்கு நன்றி சொல்வது எளிதாகத் தோன்றினாலும் எளிதன்று.

நகர்ந்துகொண்டே இருக்கும் நாள்

நட்சத்திரப் பிறந்த நாள் மறந்து போவதற்கு முதற்காரணம் அன்புக் குறைவு அன்று, கணக்கு. சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஒரு முறை சுற்றி வர ஏறத்தாழ 27 நாள் 8 மணி நேரம் ஆகிறது. பதின்மூன்று சுற்றுகள் முடிய சுமார் 355 நாட்கள். பதினான்கு முடிய சுமார் 382 நாட்கள். சூரியனைக் கொண்டு எண்ணும் ஆண்டோ 365 நாட்களுக்குச் சற்று மிகுதி. ஆகவே சென்ற ஆண்டு வந்த நட்சத்திர நாள், இவ்வாண்டு ஆங்கிலத் தேதிப்படி பத்து நாட்கள் முன்னதாக வரும். அல்லது பதினேழு நாட்கள் பின்தள்ளி வரும். ஒரே தேதியில் அது நிற்பது அரிது.

இதனால்தான் கைப்பேசியில் ஒரு முறை குறித்து வைத்துவிட்டால் ஆண்டுதோறும் அதுவே நினைவூட்டும் என்னும் வசதி நட்சத்திர நாளுக்குப் பயன்படுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்தவுடன் யாரேனும் ஒருவர் அமர்ந்து, மாதத்தையும் நட்சத்திரத்தையும் பொருத்திப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரே தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரம் முதல் வாரத்தில் ஒரு முறையும் கடைசி வாரத்தில் ஒரு முறையுமாக இரண்டு தடவை வந்துவிடுவதும் உண்டு. அவ்வாறு வந்தால் பின்னதைக் கொள்வது பல இல்லங்களின் வழக்கம்; முன்னதைக் கொள்வோரும் இருக்கிறார்கள். குடும்ப வழக்கம் எது என்பதை வாத்தியாரிடமோ மூத்தவரிடமோ கேட்டறிய வேண்டும்.

இந்த வேலையைப் பெரும்பாலான இல்லங்களில் செய்து வந்தவர் அந்த வீட்டு அம்மாள். யாருக்கு எந்த மாதம், எந்த நட்சத்திரம், எந்தப் பாதம் என்பவை அவர் மனத்தில் இருந்தன. அவர் மறைந்தவுடன் அந்த வீட்டின் நினைவேடே மூடப்பட்டது போல் ஆகிவிடுகிறது. சஷ்டியப்த பூர்த்தியையும் பீமரத சாந்தியையும் சதாபிஷேகத்தையும் எவரும் மறப்பதில்லை. அவற்றுக்கு ஓராண்டு முன்பிருந்தே பேச்சு நடக்கும். அறுபத்தேழும் எழுபத்து மூன்றும் அப்படியல்ல. அவை சத்தமின்றி வந்து, சத்தமின்றிச் சென்றுவிடுகின்றன.

திருவல்லிக்கேணியில் ஓர் இல்லம்

திருவல்லிக்கேணியில் எழுபத்து மூன்று வயதுப் பெரியவர் ஒருவர் மகன், மருமகள், பேரனுடன் வசிக்கிறார். அவருடைய ஜன்ம நட்சத்திரம் ஆவணி சுவாதி. ஆவணியில் சுவாதி வளர்பிறைச் சதுர்த்தியை ஒட்டியே வரும். எனவே அது பெரும்பாலும் விநாயக சதுர்த்தி அன்றோ, அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள்ளோ அமையும். 2024இல் விநாயக சதுர்த்தி செப்டம்பர் 7ஆம் தேதி வந்தது. 2025இல் ஆகஸ்ட் 27ஆம் தேதி வந்தது. பதினொரு நாட்கள் அது முன்னே நகர்ந்தபோது அதன் நிழல்போல் சுவாதியும் முன்னே நகர்ந்தது.

பண்டிகையை ஒட்டி வருவதால் நினைவில் வைத்துக்கொள்வது எளிது என்று தோன்றலாம். நடைமுறையில் அதற்கு நேர்மாறாகவே ஆகிறது. கொழுக்கட்டையும் பூஜையும் முடிந்து, களைத்திருக்கும் வீடு அது. பிள்ளையாரைக் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். பாத்திரங்களைத் தேய்த்து ஏற்ற வேண்டும். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் புறப்பட வேண்டும்.

பெரியவரின் மனைவி இருந்தவரை இந்தச் சந்தடியிலும் ஆவணி சுவாதி தப்பியதில்லை. காலையில் பால் பாயசம் வைத்து, பெருமாளுக்கு நிவேதனம் செய்து, மகனை அழைத்துத் தந்தையை நமஸ்கரிக்கச் செய்வார். பிறகு ஒரு சிறிய தூக்கில் பாயசத்தை ஊற்றி, இரண்டு வீடு தள்ளியிருக்கும் நண்பர் வீட்டுக்கு அனுப்புவார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில், சான்றிதழ்த் தேதியன்று, வங்கியிலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. மகன் கடையிலிருந்து இனிப்பு வாங்கி வந்தான். பேரன் பாட்டுப் பாடினான். அவர்களைப் பொறுத்தவரை தாத்தாவின் பிறந்த நாள் நிறைவாகவே முடிந்துவிட்டது. ஆவணி சுவாதியன்று காலையில் பெரியவர் நீராடி, வேஷ்டி மாற்றிக்கொண்டு கூடத்தில் அமர்ந்திருந்தார். எவரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டுப் பெறுகிற வாழ்த்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எட்டரை மணியளவில் வாசலில் நண்பரின் குரல் கேட்டது. அவருக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் வலி உள்ளவர். பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலில் அழகியசிங்கர் சன்னதிக்குச் சென்று, நண்பரின் பெயருக்கும் கோத்திரத்துக்கும் அர்ச்சனை செய்து, வாழையிலைத் துண்டில் துளசியை மடித்துக் கொண்டுவந்திருந்தார். சுவாதி நரசிம்மருக்கு உரிய நட்சத்திரம்; நரசிம்ம ஜயந்தியும் சுவாதியை ஒட்டியே வரும். அதனால் எந்தச் சுவாதியிலும் அந்தச் சன்னதியில் கூட்டம் மிகுதி.

“ஆவணி சுவாதி அல்லவா ஓய்! தீர்க்காயுசாக இரும்” என்று சொல்லித் துளசியைக் கையில் வைத்தார்.

பெரியவருக்குக் கண் கலங்கியது. “நீராவது நினைவில் வைத்திருந்தீரே!” என்றார். குரல் சற்று உயர்ந்தே ஒலித்தது. அடுக்களை வாசலில் காபித் தம்ளருடன் வந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு சிறிய ‘ஆவது’

அந்த வாக்கியத்தில் ‘நீர் நினைவில் வைத்திருந்தீரே’ என்பது நன்றி. ‘ஆவது’ என்று இடையில் புகுந்தது குற்றச்சாட்டு. தமிழில் அந்த ஒரு சிற்றிடைச்சொல் செய்யும் வேலை பெரிது. பாராட்டு ஒருவருக்கும் குத்தல் மற்றவருக்குமாக அது இரண்டு திசையிலும் பாய்கிறது. ‘நீர் ஒருவர்தாம்’ என்பதும், ‘பெற்ற பிள்ளைக்குத் தெரியாதது உமக்குத் தெரிந்திருக்கிறது’ என்பதும் அதே வகையைச் சேர்ந்தவை. சொல்லுகிறவர் நன்றி சொல்வதாகவே எண்ணுகிறார். கேட்பவர்களோ அதை வழக்காகவே கேட்கிறார்கள்.

நன்றி தடம் மாறிவிட்டது என்பதை நண்பரின் மறுமொழியிலிருந்தே அறியலாம். நன்றியாக மட்டும் அது சென்றடைந்தால் அவர் சிரிப்பார். சன்னதியில் கண்ட அலங்காரத்தைச் சொல்வார். காபியை வாங்கிப் பருகுவார். புகார் கலந்து சென்றடைந்தால் வீட்டாருக்காக அவரே வாதாடத் தொடங்குவார். திருவல்லிக்கேணி நண்பரும் அவ்வாறே செய்தார். “பண்டிகைக் களைப்பு ஓய், பாவம் அவர்களும் எத்தனைதான் பார்ப்பார்கள்? எனக்கு வேலையா வெட்டியா?” என்று சொல்லி, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்போடு வந்தவர், ஒரு குடும்பத்தில் கசப்பை உண்டாக்கிவிட்டோமோ என்ற கலக்கத்தோடு திரும்பினார். அடுத்த ஆண்டு வருவதற்கு அவர் தயங்கக்கூடும். அல்லது முதல்நாளே மகனுக்குத் தொலைபேசியில் நினைவூட்டிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்ளக்கூடும். எந்த நட்புக்கு நன்றி சொல்லப்பட்டதோ அந்த நட்பே அதனால் ஓர் அடி பின்வாங்குகிறது.

ஸ்ரீராமபிரான் காட்டிய முறை

நன்றி சொல்வதில் உள்ள நுட்பத்தை வால்மீகி ராமாயணம் இரண்டு இடங்களில் காட்டுகிறது. சீதாபிராட்டியைக் கண்டு திரும்பிய அனுமனின் செய்தியைக் கேட்ட ஸ்ரீராமன், யுத்த காண்டத்தின் தொடக்கத்தில், அனுமன் செய்த காரியம் எத்தகையது என்பதை முதலில் எடுத்துச் சொல்கிறான். கடலைக் கடந்தது, அரக்கர் காவலில் உள்ள நகருக்குள் புகுந்தது, இட்ட பணிக்கு மேலும் செய்து முடித்தது என ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறான். பிறகு, இதற்கு ஈடாகக் கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லையே என்று வருந்தி, தன்னால் தரக்கூடிய ஒன்றாக அவனை ஆரத் தழுவிக்கொள்கிறான்.

உத்தர காண்டத்தில் அனுமனுக்கு விடைகொடுக்கும்போது இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்கிறான். நீ செய்த உதவி என்னிடமே கடனாக இருந்து ஜீரணமாகட்டும் என்பது அதன் கருத்து. உதவி செய்தவனுக்கு ஓர் ஆபத்து வந்தால்தான் பதிலுதவி செய்ய இயலும். ஆகவே பதிலுதவி செய்யத் துடிப்பது அவனுக்கு ஆபத்தை விரும்புவதாகிவிடும் என்பது அங்கே தரப்படும் காரணம்.

இவ்விரண்டு இடங்களிலும் ஸ்ரீராமன் தன்னைச் சேர்ந்த எவரையும் பெயர் சொல்லிக் குறை கூறவில்லை. செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறான். விலை கொடுத்துக் கடனைத் தீர்க்க முயல்வதில்லை. பிறந்த நாளை நினைத்து வந்த நண்பருக்கு நன்றி சொல்லவும் இதுவே வழி. அர்ச்சனைச் சீட்டு எவ்வளவு என்று கேட்டுப் பணத்தை நீட்டுவதும், மறுநாளே அதைவிடப் பெரிய பழத்தட்டோடு அவர் வீட்டுக்குச் செல்வதும் கணக்கை முடிக்கும் செயல்களே. நட்பில் கணக்கு முடியாமல் இருப்பதே நல்லது.

மறுநாள் சொன்ன நன்றி

மறுநாள் மாலை கோயில் பிராகாரத்தில் இருவரும் வழக்கமான இடத்தில் அமர்ந்தபோது பெரியவர் தாமாகவே பேச்சைத் தொடங்கினார். இம்முறை வீட்டாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“நேற்றுச் சுவாதிக் கூட்டத்தில் அந்த முழங்காலோடு நின்றிருக்கிறீர். என் கோத்திரத்தைக் கூட மறக்காமல் சொல்லியிருக்கிறீர். அவள் போன பிறகு என் நட்சத்திரத்தைச் சொல்லி ஒருவர் அர்ச்சனை செய்தது நேற்றுத்தான். மனம் நிறைந்துவிட்டது ஓய்.”

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நான் என்ன நினைவு வைத்திருந்தேன்? உம்முடைய அகத்துக்காரி ஆண்டு தவறாமல் அனுப்பிய பாயசத் தூக்குதான் நினைவு வைத்திருந்தது. பிள்ளையார் சதுர்த்தி முடிந்தால் அடுத்து அந்தத் தூக்கு வரும் என்று என் பஞ்சாங்கத்தில் அப்போதே குறித்து வைக்கத் தொடங்கினேன். தூக்கு வருவது நின்றுவிட்டது. குறிப்பதை நான் நிறுத்தவில்லை.”

வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை என்று பெரியவர் எண்ணியது முழு உண்மையன்று என்பது அப்போது விளங்கியது. அந்த அம்மாளின் நினைவுதான் இரண்டு வீடு தள்ளிச் சென்று, அங்கே பத்திரமாக இருந்து, அன்று காலை துளசியாகத் திரும்பி வந்திருக்கிறது.

அந்தக் கணத்தில் பெரியவருக்கு வேறொன்றும் உறைத்தது. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் நண்பரின் நட்சத்திரம் அவருக்குத் தெரியாது. கேட்டார். தை மாதம் புனர்பூசம் என்று விடை வந்தது. புனர்பூசத்தின் முதல் மூன்று பாதங்கள் மிதுன ராசியிலும் நான்காம் பாதம் கடக ராசியிலும் அமைவதால், பாதம் தெரியாமல் சங்கல்பத்தில் ராசியைச் சொல்ல இயலாது. அதையும் கேட்டார். நான்காம் பாதம், கடக ராசி. கோத்திரத்தையும் கேட்டு, சட்டைப் பையில் இருந்த சிறு குறிப்பேட்டில் நான்கையும் எழுதிக்கொண்டார். தைப்பூசத்துக்கு முந்தைய நட்சத்திரம் புனர்பூசம் என்பதால் நாளை அடையாளம் காண்பது எளிது. நண்பருக்கோ துணைவியார் இல்லை. ஒரே மகள் வெளியூரில் இருக்கிறாள். அவர் பெயருக்கு அந்நாளில் அர்ச்சனை செய்தவர் எவர் என்று பெரியவர் கேட்கவில்லை. விடை அவருக்குத் தெரியும்.

வீட்டாரிடம் சொல்லும் முறை

நண்பருக்கு நன்றி சொல்லி முடிந்தாலும் வீட்டில் மருமகளின் வாட்டம் அப்படியே இருந்தது. மௌனமாக இருந்துவிட்டால் ஆறிவிடும் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் பேசாமல் விட்ட வருத்தம் அடுத்த ஆவணியில் அதே இடத்தில் மீண்டும் எழும். வீட்டார் அறியாத ஒரு நாளை அவர்கள் மறந்ததாகச் சொல்வதும் நியாயம் ஆகாது. தாயார் கணித்துக் குறித்த நாளை மகன் ஒருபோதும் தானே கணித்ததில்லை. அவனுக்கு அதை எவரும் கற்பிக்கவும் இல்லை.

திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் பதினொன்றாம் அதிகாரம். ஒருவர் பெருந்தீங்கே செய்துவிட்டாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீங்கின் நினைவு அழிந்துவிடும் என்னும் கருத்து அங்கே வருகிறது. நன்றியறிதல் உதவி செய்த நண்பருக்கு மட்டும் உரியதன்று. குறைவைத்த உறவினருக்கும் அது உரியது என்பதைத் திருவள்ளுவர் அவ்விடத்தில் சேர்த்தே வைத்திருக்கிறார். மருமகள் நாள்தோறும் காலையில் மாமனார் மாத்திரை உட்கொள்ளும் முன் இட்லி ஆறாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறாள். ஆண்டுக்கு ஒரு நாள் தவறியதை எண்ணும் மனம், தவறாத மற்ற நாட்களையும் எண்ண வேண்டாமா?

அன்று இரவு உணவுக்குப் பின் பெரியவர் மருமகளை அழைத்து, “நேற்று நான் சொன்ன சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளாதே அம்மா. ஜூன் மாதம் நீங்கள் கொண்டாடியது பள்ளிக்கூடத்து வாத்தியார் தந்த நாள். ஆவணி சுவாதி என் தாயார் தந்த நாள். அதைப் பஞ்சாங்கத்தில் எப்படிப் பார்ப்பது என்று உனக்கும் குழந்தைக்கும் சொல்லித் தருகிறேன்” என்றார்.

“சொல்லிக் கொடுங்கள் அப்பா. அம்மா குறித்து வைத்த பழைய பஞ்சாங்கங்கள் பரணில் இருக்கின்றன. அதில் எல்லாருக்கும் குறித்திருப்பார்கள்” என்றாள் மருமகள்.

பரணிலிருந்து இறங்கிய பஞ்சாங்கங்களில் மஞ்சள் தடவிய இடங்கள் இருந்தன. மகனுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று, மருமகளுக்கும் ஒன்று. பேரன் அவற்றைப் பார்த்து ஒரு தாளில் பெயர், மாதம், நட்சத்திரம், பாதம், ராசி என்று பட்டியலிட்டான். அந்தத் தாள் இப்போது பூஜையறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. புதுப் பஞ்சாங்கம் வரும் சித்திரையில் அதைப் பார்த்து ஆங்கிலத் தேதிகளை நாட்காட்டியில் மாற்றிக் குறிக்க வேண்டியது பேரனின் பொறுப்பு.

பட்டியலின் கடைசி வரியில் குடும்பத்தைச் சேராத ஒருவரின் பெயரும் இருக்கிறது. தை, புனர்பூசம், நான்காம் பாதம், கடகம். அதன் எதிரே மருமகள் தன் கையால் ‘பாயசம், தூக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.